நன்னாரி குடித்ததால் வந்த குளிர் இல்லை இது

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பத்து நாளாக நீர்க்கடுப்பு. உடம்புச் சூடுதான் என்று நன்னாரி வேர் வாங்கி, கருப்பட்டி போட்டு நானே சர்பத் காய்ச்சித் தினமும் மூன்று டம்ளர் கொடுக்கிறேன். எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. ஆனால் மூன்று நாளாகச் சாயங்காலம் ஆனால் குளிர் எடுத்து நடுங்குகிறார், போர்வை கேட்கிறார். நன்னாரி அதிகக் குளிர்ச்சி என்பதால் இருக்குமா? நன்னாரி கிட்னியைக் கெடுக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வேரின் நடு நரம்பை எடுக்காமல் காய்ச்சிவிட்டேன், அது விஷமா? சிறுநீர் கலங்கலாகப் போவது கருப்பட்டியாலா? மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை நாலு வேளை போட்டார். சர்பத்தை நிறுத்தவா, தொடரவா?

பதில்: இன்றைக்கே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நாளைக் காலை வரை வைத்திருக்க வேண்டாம். இதைப் படித்து முடிப்பதைக்கூட அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நன்னாரிக்கும் அந்தக் குளிருக்கும் சம்பந்தமே இல்லை. எந்தக் குளிர்ச்சியான பானமும் மே மாதத்தில் ஒருவரைப் போர்வைக்குள் நடுங்க வைக்காது. நீர்க்கடுப்பு உள்ளவருக்குக் குளிர் நடுக்கம் வந்தால் அதற்குப் பொதுவாக ஒரே அர்த்தம்தான்: கீழே சிறுநீர்ப்பையில் இருந்த கிருமி மேலே சிறுநீரகத்துக்கோ, ஆண்களுக்கு பிராஸ்டேட் சுரப்பிக்கோ போய்விட்டது, அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கத் தொடங்கியிருக்கலாம். சிறுநீர்ப்பையோடு நிற்கிற தொற்றில் எரிச்சல் இருக்கும், அடிக்கடி போகத் தோன்றும், அடிவயிறு வலிக்கும். ஆனால் உடம்பு நடுங்குகிற காய்ச்சல் பெரும்பாலும் வராது. அதனால்தான் உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன்.

நடுங்கும்போது தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் அடுத்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் ஏறுவது தெரிந்திருக்கும். ஆனால் வயதான சர்க்கரை நோயாளிகளுக்குக் காய்ச்சல் சரியாக ஏறாமலே தொற்று முற்றிவிடும், அதனால் தெர்மாமீட்டர் 99 காட்டினாலும் நிம்மதி அடையாதீர்கள். முதுகில் விலா எலும்புக்குக் கீழே ஒரு பக்கம் வலி, வாந்தி, சிறுநீர் குறைவது, பேச்சு குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் உளறுவது, எழுந்து நின்றால் தலைசுற்றிச் சாய்வது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இப்போதைக்கு பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அது காய்ச்சலை இறக்கும், கிருமியைத் தொடாது, இன்னொரு ராத்திரி வீணாகும்.

எரிச்சல் குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் உங்களைப் பத்து நாள் காத்திருக்க வைத்தது. மூன்று டம்ளர் தண்ணீர் கூடுதலாக உள்ளே போனால் சிறுநீர் நீர்த்துப்போகும், நீர்த்த சிறுநீர் புண்ணான இடத்தில் குறைவாக எரியும். வெறும் தண்ணீர் கொடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். கிருமி அங்கேயே இருந்தது.

நீர்க்கடுப்பு எல்லாமே தொற்று இல்லைதான். வெயிலில் வேலை செய்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்த ஒரு இளைஞருக்குச் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போய் எரிந்தால், நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீர் வெளுத்து, மறுநாளைக்குள் எரிச்சல் போய்விட்டால் சரி, விட்டுவிடலாம். வெளுத்த பிறகும் எரிந்தால், கலங்கலாகவோ நாற்றத்தோடோ ரத்தம் கலந்தோ போனால், அது சூடு இல்லை, சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். அறுபது வயதுக்கு மேல் உள்ள ஆணுக்கு, அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு, நான் அந்த ஒரு நாள்கூட அவகாசம் தர மாட்டேன். இந்த வயதில் பிராஸ்டேட் வீங்கி வழியை அடைக்கும், சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்கும், தேங்கிய நீரில் கிருமி வளரும். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்: தாரை மெலிந்துவிட்டதா, முக்க வேண்டியிருக்கிறதா, ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார்? இதைப் பெரும்பாலான அப்பாக்கள் மகளிடமோ மகனிடமோ தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது அந்த நாலு வேளை மாத்திரை. இதற்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஆன்டிபயாடிக்கை மெடிக்கலில் கேட்டு வாங்கி அரைகுறையாகப் போட்டால், எளிதில் சாகிற கிருமிகள் செத்து, மருந்தைத் தாங்குகிற கிருமிகள் தங்கிவிடும். அதோடு சிறுநீர் கல்ச்சர் செய்தால் கிருமி வளராமல் போகலாம், எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் டாக்டர் ஊகத்தில் கொடுக்க வேண்டி வரும். என்ன மாத்திரை என்று தெரிய அந்த அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், மறைக்காதீர்கள். அங்கே புது ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் சிறுநீரைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டார்களா என்று நீங்களே கேளுங்கள். ரத்தச் சர்க்கரை, கிரியேட்டினின், வயிற்று ஸ்கேன் மூன்றும் பார்ப்பார்கள். ஸ்கேனில் சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மீதி நிற்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். சில நாள் ஊசி மருந்துக்குத் தங்க வேண்டியிருந்தால் தயங்காதீர்கள்.

மற்ற சந்தேகங்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நடு நரம்பு விஷம் இல்லை. அதில் மணமும் சாரமும் இல்லாததால்தான் எடுக்கிறோம், விட்டால் சர்பத் கொஞ்சம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். கலங்கல் கருப்பட்டியால் வருவது இல்லை, அது பெரும்பாலும் சீழ்ச் செல்கள். சர்பத் அளவில் நன்னாரி குடித்துச் சிறுநீரகம் கெட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. பத்து நாள் சிகிச்சை இல்லாமல் விட்ட தொற்றால் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீடியோவை மறந்துவிடுங்கள்.

சர்பத்தைப் பொறுத்தவரை அப்பாவுக்கு இப்போது நிறுத்துங்கள். காரணம் நன்னாரி இல்லை, அதில் உள்ள இனிப்பு.

வீட்டில் பொதுவாகக் காய்ச்சுகிற முறையையே எடுத்துக்கொள்வோம். 100 கிராம் வேரை மண் போக நாலைந்து தண்ணீரில் அலசி, தட்டி, நடுவில் உள்ள வெள்ளைக் கட்டையை உருவி எறிந்துவிட்டு, பழுப்பு நிறத் தோலை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அதன் மேல் ஒரு லிட்டர் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி உடனே மூடி, ராத்திரி முழுக்க ஊற விடுகிறோம். அந்த மணம் ஆவியோடு பறந்துவிடும் என்பதால், வேரைத் திறந்த பாத்திரத்தில் மணிக்கணக்காகக் கொதிக்க விடாமல் ஊற வைப்பதே சரி. காலையில் வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டு, விரலில் ஒட்டுகிற பாகு வரும் வரை காய்ச்சி, கடைசியில் எலுமிச்சைச் சாறு விட்டு இறக்குகிறோம். கெட்டுப்போகாமல் காப்பது இந்த அடர்த்திதான். பாகு நீர்த்திருந்தால், அல்லது ஈரக் கரண்டி விட்டு எடுத்தால், சில நாளில் மேலே நுரை கட்டும், மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும், புளித்த வாடை அடிக்கும். அப்படி ஆனதை மறுபடி கொதிக்க வைத்துக் காப்பாற்றப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

அந்த ஒரு கிலோ இனிப்பு முழுவதும் ஒரு லிட்டருக்குச் சற்று மேலான பாகில்தான் இருக்கிறது. ஒரு டம்ளருக்கு மூன்று மேசைக்கரண்டி, அதாவது சுமார் 45 மில்லி பாகு விட்டால், கிட்டத்தட்ட 40 கிராம் சர்க்கரை, எட்டு டீஸ்பூன். மூன்று டம்ளருக்கு 24 டீஸ்பூன். கருப்பட்டி என்பதால் சலுகை எதுவும் இல்லை. அதிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், ரத்தத்தில் அதேபோல்தான் ஏறும். சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும், அதனால் தாகம் எடுக்கும், தாகத்துக்கு இன்னொரு டம்ளர் சர்பத் உள்ளே போகும். கூடவே, ஏறிய சர்க்கரையில் உடம்பு கிருமியோடு போராடும் திறனும் குறையும். நன்னாரி சர்க்கரையைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால், இந்த 24 டீஸ்பூனை அது ஈடுகட்டாது என்று சொல்லுங்கள்.

இதய பலவீனத்துக்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு சொல்லப்பட்டவர்கள், சர்பத்தையும் அந்த அளவில் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். பலர் தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், கால் வீங்கி மூச்சுத் திணறி வருகிறார்கள். கர்ப்பிணிகள் எப்போதாவது ஒரு டம்ளர் சர்பத் குடித்தால் நான் தடுப்பதில்லை, ஆனால் வேரைப் பொடியாகவோ சுண்டக் காய்ச்சிய கஷாயமாகவோ தினமும் சாப்பிட வேண்டாம். அந்த அளவில் பாதுகாப்பானது என்று சொல்ல ஆதாரம் போதாது. மற்றபடி நல்ல உடம்புள்ளவர் வெயிலில் வந்து ஒரு டம்ளர் எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத் குடிப்பதில் ஒரு தவறும் இல்லை. வெளியே குடித்தால் தண்ணீரும் ஐஸும் சுத்தமா என்று பாருங்கள், டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் அந்த வழியாகத்தான் வரும்.

அப்பா குணமாகி வந்த பிறகு நன்னாரி மணம் வேண்டும் என்றால், தட்டிய வேர்த் தோல் ஒரு சிட்டிகையை மண்பானைத் தண்ணீரில் போட்டு, இனிப்பே இல்லாமல் கொடுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் சொன்ன நாள் வரை முடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். பிராஸ்டேட் அடைப்பு இருந்தால் அதையும் கவனித்துச் சரிசெய்யாதவரை இதே தொற்று திரும்ப வரும், அப்போது எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க அந்தக் காகிதம் தேவைப்படும்.