நிலாவரைப் பொடியும் கால் தளர்ச்சியும்

கேள்வி: வயது 61. ஏழு வருடமாக இரவில் நிலாவரைப் பொடி சாப்பிட்டால்தான் காலையில் மலம் இறங்குகிறது. அரை ஸ்பூனில் ஆரம்பித்தது இப்போது இரண்டு ஸ்பூன், கூடவே பைசகோடைல் மாத்திரை இரண்டு. நிறுத்தினால் இரண்டு நாளானாலும் வருவதில்லை. போன மாதம் கொலோனோஸ்கோபி செய்தபோது குடல் கறுத்திருக்கிறது, வேறு குறை இல்லை என்றார்கள். இன்டர்நெட்டில் புற்றுநோய் என்று போட்டிருக்கிறது. என் குடல் செத்துவிட்டதா? பிரஷருக்கு நீர் பிரியும் மருந்து சேர்ந்த மாத்திரை எடுக்கிறேன். வயதாகிவிட்டதல்லவா, படி ஏறக் கால் தளர்கிறது, இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது.

பதில்: முதலில் காலைப் பார்ப்போம். நீங்கள் வயதின் மேல் போட்டுவிட்ட அந்தத் தளர்ச்சிதான் இந்தக் கடிதத்திலேயே எனக்குக் கவலை தருவது. தினமும் பேதியானால் மலத்தோடு பொட்டாசியம் போகிறது. நீர் மாத்திரையால் சிறுநீரிலும் போகிறது. பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும், இழுத்துப் பிடிக்கும், இதயத் துடிப்பு தடுமாறும். குடலும் தசைதான், அதுவும் மந்தமாகும். மலம் இறங்கவில்லையே என்று நீங்கள் பொடியைக் கூட்டக் கூட்ட, பொட்டாசியம் இன்னும் இறங்கும். நாளைக்கே ரத்தத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் பாருங்கள். தைராய்டும் சர்க்கரையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருந்தால் அந்த முடிவோடு உங்கள் பிரஷர் டாக்டரிடம் போங்கள். நெஞ்சு படபடத்தாலோ, மயக்கம் வந்தாலோ, எழுந்து நிற்க முடியாமல் போனாலோ ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இளநீர், பொட்டாசியம் சிரப் என்று நீங்களே வைத்தியமும் செய்யாதீர்கள். சில பிரஷர் மருந்துகள் பொட்டாசியத்தை ஏற்றிவிடும், அதுவும் ஆபத்து.

குடல் கறுப்பு புற்றுநோய் இல்லை. நிலாவரை போன்றவற்றை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்குப் படியும் நிறம் அது. நிறுத்தினால் சில மாதங்களில் மெல்ல மறையும். கொலோனோஸ்கோபி செய்த டாக்டர் வேறு குறை இல்லை என்ற பிறகு இன்டர்நெட்டிடம் எதற்கு இன்னொரு அபிப்பிராயம்?

குடல் சாகவுமில்லை. பேதி மருந்து பெருங்குடலை முழுக்கக் காலி செய்துவிடுகிறது. அது மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இடைவெளியில் மலம் வராதது இயல்புதான். நீங்களோ பயந்துபோய் அன்று இரவே அடுத்த ஸ்பூனைப் போடுகிறீர்கள். வாரத்துக்கு மூன்று முறை சிரமமில்லாமல் போனாலே போதும், தினமும் போயாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"மூலிகைதானே" என்று சொல்லிவிடாதீர்கள். மேல்நாட்டு மருந்துக்கடைகளில் திருநெல்வேலிப் பெயரோடு விற்கிற இலை அது. கடையில் விற்கும் சென்னா மாத்திரையிலும் இந்த இலையில் பேதியாக்கும் அதே சென்னோசைடுதான். அதுவும் பைசகோடைலும் ஒரே ரகம். குடல் நரம்பைத் தூண்டிச் சுருங்க வைப்பவை, அவ்வப்போது தேவைப்பட்டால் சரி. இசப்கோல் வேறு ரகம், நீரை உறிஞ்சி மலத்துக்குப் பருமன் தரும் நார். லாக்டுலோஸ் சிரப்பும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியும் குடலுக்குள் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குபவை. அவை நரம்பைத் தூண்டுவதில்லை, பலன் தெரிய ஒன்றிரண்டு நாள் எடுக்கும்.

உங்களுக்கு நான் தொடங்குவது மூன்றாவது ரகத்தில். பொட்டாசியம் சரியான பிறகு, உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பாலிஎத்திலீன் கிளைக்கால் 17 கிராம் ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்து தினம் இரவு. பைசகோடைலை அன்றே விடுங்கள். நிலாவரையை முதல் வாரம் ஒரு ஸ்பூன், அடுத்த வாரம் அரை ஸ்பூன், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் நிறுத்தம். மலம் இளகி ஒழுங்கு வந்தபின் இசப்கோல் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம், ஆனால் முழு தம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். முதல் வாரங்களில் வயிறு உப்பும், மந்தமாக இருக்கும். பலரும் பழைய டப்பாவைத் திறப்பது அப்போதுதான்.

காலை உணவு முடிந்து அரை மணிக்குள் கழிவறைக்குப் போங்கள், உந்துதல் இல்லாவிட்டாலும். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானாக நகரும் நேரம் அது. வெஸ்டர்ன் கழிவறையானால் காலடியில் ஒரு சிறிய முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க முன்னால் சாய்ந்து உட்காருங்கள். பத்து நிமிடம் போதும். முக்க வேண்டாம், செல்போன் வெளியே இருக்கட்டும். வரவில்லையா, எழுந்து வாருங்கள்.

மூன்று நாள் முழுக்க ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கிளிசரின் குச்சியை ஆசனவாயில் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் அசையாமல், வாந்தியோ வயிற்று வீக்கமோ சேர்ந்தால் பேதி மருந்து எதையும் தொடாமல் நேரே மருத்துவமனைக்கு வாருங்கள்.