ஏடிஎம்மில் பணம் வராத புகார்க் கடிதம்: எந்தப் பத்தி முதலில்?

கேள்வி: ஏடிஎம்மில் 10,000 ரூபாய் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது. போனில் புகார் சொன்னேன், 'பரிவர்த்தனை வெற்றி' என்று மூடிவிட்டார்கள். மேலாளருக்கு ஒரே பக்கத்தில் கடிதம் எழுதப் போகிறேன். இயந்திரம் கொடுத்த சீட்டு, எஸ்எம்எஸ், ஸ்டேட்மென்ட், போன் புகார் எண் எல்லாம் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதலாமா, இல்லை ஆதாரத்தை முதலில் வைக்கலாமா? எந்த ஆதாரத்தை?

பதில்:

ஆதாரத்தைத்தான் முதலில் வைக்க வேண்டும், உங்கள் விஷயத்தில் அது இயந்திரம் கொடுத்த சீட்டு. ஸ்டேட்மென்ட் அல்ல. நான் ஒரு வங்கியில் வாடிக்கையாளர் புகார்களைப் பார்க்கும் இடத்தில் இருந்தவன். இந்த வகைக் கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்டேட்மென்ட்டில்தான் தொடங்கும், "இத்துடன் இணைத்துள்ள கணக்கு அறிக்கையின்படி என் கணக்கில் 10,000 ரூபாய் கழிக்கப்பட்டுள்ளது" என்று. அது நூறு சதவீதம் உண்மை, யாராலும் மறுக்க முடியாது. ஆனால் வங்கியும் அதை மறுக்கவில்லையே! கழிந்தது என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். அவர்கள் மறுப்பது ஒன்றே ஒன்று: நோட்டு வெளியே வரவில்லை என்பதை. ஆக, உறுதியான ஆதாரம் என்பது வேறு, சண்டை நடக்கிற இடத்தில் உறுதியாக நிற்கிற ஆதாரம் என்பது வேறு. முதல் பத்திக்குப் போக வேண்டியது இரண்டாவது.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். கையில் இருக்கும் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, "இது உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் வங்கி 'பணம் வந்துவிட்டது' என்று சொல்ல முடியுமா?" என்று கேட்பேன். ஸ்டேட்மென்ட்டுக்குக் கேட்டால் பதில்: தாராளமாகச் சொல்லலாம். எஸ்எம்எஸ்ஸும் அப்படித்தான், அது ஸ்டேட்மென்ட்டில் உள்ளதைத்தான் திரும்பச் சொல்கிறது. போன் புகாருக்கு: சொல்லலாம், ஆனால் கொஞ்சம் யோசிப்பார்கள். பணம் வாங்கிக்கொண்ட ஆள் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டு வரவில்லை என்று சொல்வது அரிது, அந்த அழைப்பின் நேரம் அவர்களுடைய பதிவிலேயே இருக்கிறது. சீட்டுக்குக் கேட்டால், அதில் பணம் வழங்க இயலவில்லை என்ற பொருளில் ஏதாவது அச்சாகியிருந்தால், சும்மா சொல்லிவிட முடியாது, அவர்கள் விளக்கம் தந்தாக வேண்டும். வரிசை தானாகவே வந்துவிட்டது பாருங்கள்: சீட்டு, போன் புகார், கடைசியில் ஸ்டேட்மென்ட்.

சீட்டுக்கு ஏன் இவ்வளவு பலம் என்பதற்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நல்லது. நீங்கள் பின் நம்பரும் தொகையும் அடித்ததும் செய்தி உங்கள் வங்கியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அது இருப்பைப் பார்த்து அனுமதி கொடுக்கிறது, கணக்கில் அப்போதே கழித்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் இயந்திரம் நோட்டை எண்ணத் தொடங்கும். நோட்டு சிக்கிவிட்டால், "கொடுக்கவில்லை, திரும்ப வரவு வை" என்று இயந்திரத்திலிருந்து ஒரு செய்தி திரும்ப வர வேண்டும். லைன் அறுந்தோ வேறு கோளாறாலோ அது வராமல் போனால் கழித்தது கழித்தபடி நின்றுவிடும். கஸ்டமர் கேரில் இருப்பவர் திரையில் பார்ப்பது பெரும்பாலும் முதல் பாதியை, அதாவது அனுமதி கொடுக்கப்பட்டதை. அதை வைத்து 'வெற்றி' என்று மூடிவிடுகிறார்கள். சீட்டு இரண்டாம் பாதியில், இயந்திரத்தின் பக்கத்தில் அச்சாகிறது. அதனால்தான் அது அவர்கள் பதிலில் விட்டுப்போன இடத்தில் போய் நேராக உட்காருகிறது.

சரி, கடிதம். நடந்தபடி எழுதினால் எப்படி இருக்கும் என்றால், 'நான் பல வருடமாகத் தங்கள் வாடிக்கையாளர்' என்று தொடங்கி, மருந்து வாங்கப் பணம் தேவைப்பட்டது, பேருந்து நிலையத்துக்குப் போனேன், கார்டு போட்டேன், சத்தம் கேட்டது, பணம் வரவில்லை, காவலாளியிடம் சொன்னேன், போன் செய்தேன், மூன்றாம் பத்தியின் நடுவில் "சீட்டு மட்டும் வந்தது". அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பலர் எழுதுவதே இல்லை, இணைப்பில் இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். மேலாளர் இந்தக் கடிதத்தின் தலைப்பையும் முதல் சில வரிகளையும் படித்துவிட்டு ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி வேறொருவருக்குத் தள்ளிவிடுவார். முதல் சில வரியில் வாடிக்கையாளர் பெருமை மட்டும் இருந்தால் குறிப்பும் 'வழக்கமான ஏடிஎம் புகார்' என்றுதான் போகும், அடுத்தவர் அதே திரையைப் பார்த்து அதே பதிலை அனுப்புவார்.

மாற்றிய பிறகு முதல் பத்தி இப்படி இருக்கலாம். தேதியும் நேரமும் உதாரணத்துக்கு:

"ஜூன் 3 அன்று இரவு 7.42 மணிக்குப் பேருந்து நிலைய ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை. பணம் வழங்க இயலவில்லை என்று அந்த இயந்திரமே அச்சிட்டுக் கொடுத்த சீட்டை இணைத்துள்ளேன் (இணைப்பு 1). ஆனால் என் புகார், பரிவர்த்தனை வெற்றி என்று கூறி மூடப்பட்டுள்ளது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால், இயந்திரத்தின் பதிவைச் சரிபார்த்து 10,000 ரூபாயைத் திரும்ப வரவு வைக்கக் கோருகிறேன்."

கீழே உள்ள எல்லாவற்றையும் கையால் மறைத்துவிட்டு இதை மட்டும் படித்துப் பாருங்கள். என்ன நடந்தது, எதை நம்பிக் கேட்கிறார், என்ன செய்ய வேண்டும் மூன்றும் புரிகிறதா? புரிந்தால் போதும். பரிவர்த்தனை எண், ஏடிஎம் எண், போன் புகார் எண் இவற்றை இந்தப் பத்திக்குள் திணிக்காதீர்கள். நம் கடிதங்களில் 'பொருள்', 'பார்வை' என்று இரண்டு வரி போடுகிறோமே, எண்கள் எல்லாம் அங்கே போகட்டும்.

இரண்டாம் பத்தி போன் புகார்: 7.55க்கே கூப்பிட்டேன், அழைப்புப் பதிவு உங்களிடமே இருக்கிறது. இரண்டு வரி போதும். மூன்றாவதில் ஸ்டேட்மென்ட்டும் கோரிக்கைகளும். ஸ்டேட்மென்ட் இங்கே வருவதற்குக் காரணம், இன்றுவரை திரும்ப வரவு வரவில்லை என்பதைக் காட்ட மட்டும். கோரிக்கை என்று நான் சொல்வது, உங்கள் கையில் இல்லாமல் அவர்கள் கையில் இருப்பவை. இயந்திரத்தின் உள்பதிவு (இஜே லாக் என்பார்கள்), அன்றைய கேமரா பதிவு, அடுத்த முறை பணம் நிரப்பியபோது எண்ணிய கணக்கு. நோட்டு உள்ளேயே நின்றிருந்தால் அந்தக் கணக்கில் தொகை கூடுதலாக வர வேண்டும். இவற்றை ஆதாரம் போல முதல் பத்தியில் எழுதும் பழக்கம் உண்டு, "கேமராவைப் பார்த்தால் உண்மை தெரியும்" என்று. நீங்கள் பார்க்காத ஒன்றை ஆதாரமாகச் சொல்ல முடியாது, அது வேண்டுகோள்தான், அதன் இடம் பின்னால். அதே சமயம் கேமரா பதிவு என்றைக்கும் இருக்காது, மேலேயே புதுப்பதிவு விழுந்துவிடும், அதனால் கடிதத்தைத் தள்ளிப்போடாமல் கொடுங்கள்.

ரிசர்வ் வங்கி விதியை எங்கே போடுவது என்பது அடுத்த கேள்வி. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி, பணம் வராமல் கணக்கில் கழிந்தால் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் கேட்காமலேயே தர வேண்டும். இதைத் தலையில் வைத்து எழுதினால் கடிதம் கம்பீரமாகத் தெரியும், ஆனால் பயன் இல்லை. பணம் வரவில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த விதி பேசத் தொடங்கும். அதனால் மூன்றாம் பத்தியின் கடைசியில் ஒரு வாக்கியமாக வையுங்கள்.

ஆனால் சண்டை இடம் மாறினால் வரிசையும் மாறும். உங்களுக்கு 10,000 ரூபாய் ஜூலை 13 அன்று திரும்ப வந்துவிட்டது, இழப்பீடு மட்டும் வரவில்லை என்று வையுங்கள். இப்போது சீட்டுக்கு வேலையே இல்லை, தோல்வியை அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஜூன் 3 கழிந்தது, ஜூலை 13 வந்தது என்ற இரண்டு வரிகளும் ஒரே தாளில் தெரிகிற ஸ்டேட்மென்ட்தான் முதல் பத்தி, அதோடு ஒட்டி விதி: ஜூன் 8 கெடு, அதற்கு மேல் 35 நாள், 3,500 ரூபாய். முன்பு கடைசியில் இருந்த இரண்டும் தலைக்கு வந்துவிட்டன.

பத்திகளை இடம் மாற்றும்போது கெடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. முதலில் நடந்தபடி எழுதிவிட்டு, பிறகு சீட்டுப் பத்தியை வெட்டி மேலே ஒட்டினால், 'அந்த இயந்திரம்', 'மேற்கண்ட தொகை', 'அப்போது' எல்லாம் தொங்கிக்கொண்டு நிற்கும். எழுதியவருக்குத் தெரியாது, மனதில் கதை இருக்கிறது. அதனால் வெட்டி ஒட்டாமல், முதல் பத்தியைப் புதிதாக எழுதுங்கள். அதில் தேதி, நேரம், இடம், தொகை நான்கும் இருக்க வேண்டும். இணைப்புகளின் எண்ணும் புது வரிசைப்படி மாற வேண்டும். சீட்டு இணைப்பு 1, கடிதத்துக்கு நேர் பின்னால்.

அப்புறம், அந்தச் சீட்டு வெப்பத்தில் அச்சாகும் தாள், சீக்கிரம் வெளுத்துவிடும். இன்றே நகல் எடுங்கள். எழுத்து ஏற்கெனவே மங்கிப் படிக்க முடியாமல் இருந்தால் அதை முதல் பத்தியில் நிறுத்தாதீர்கள், பார்க்கிறவர் முதலில் திறப்பதே வெற்றுத் தாளாக இருந்தால் அடுத்த ஆதாரத்தின் மேலும் நம்பிக்கை போய்விடும். அப்போதும், சீட்டே வராதவர்களுக்கும், போன் புகாரின் நேரம் முதல் இடத்துக்கு வரும், அதற்கு அடுத்த வாக்கியமே பணம் நிரப்பிய கணக்கைக் கேட்பதாக இருக்கட்டும்.

மருந்து வாங்கப் போனது, காவலாளி, கூட வந்தவர் எல்லாம் கடைசிப் பத்தியில் மூன்று வரிக்குள். இடம் போதாவிட்டால் முதலில் போக வேண்டியது வாடிக்கையாளர் வருடக் கணக்கு.

கடிதத்தை உங்கள் கணக்கு இருக்கும் வங்கியில் கொடுங்கள், ஏடிஎம் வேறு வங்கியுடையதாக இருந்தாலும். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே இதே கடிதத்தை அப்படியே ஏற்றிவிடாமல் முதல் பத்தியை மட்டும் மாற்றுங்கள். மறுத்திருந்தால் வங்கியின் மறுப்புக் கடிதத்தில் என்ன காரணம் சொன்னார்கள் என்பதும், சீட்டு அதை எப்படி இல்லை என்கிறது என்பதும் அருகருகே வர வேண்டும்.