198 ரூபாய் குக்கர்

"கடையில் 480 ரூபாய் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த அயர்ன்பாக்ஸை, பில் போடும்போது 840 என்றார்கள். ஒட்டிய விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லையா?"

இல்லை. நான் பாத்திரக்கடைக்காரன், கடைக்காரன் பக்கம்தான் பேசுவேன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்த்தெரு வக்கீல் அண்ணன், அதுவும் நான் அடிபட்ட பிறகு.

போன ஆடித் தள்ளுபடியில் ஐந்து லிட்டர் குக்கருக்கு 1980 என்று அடிக்கவேண்டிய ஸ்டிக்கரில், கடைப்பையன் 198 என்று அடித்துவிட்டான். பெட்டியிலேயே எம்ஆர்பி 2450 என்று இருக்கிறது. ஒருவர் அதைத் தூக்கிவந்து கல்லாவில் இரண்டு நூறு ரூபாய்த் தாளை வைத்து, "மீதி ரெண்டு ரூபா வேண்டாம், பில்லைப் போடுங்க" என்றார். தப்பாக அடித்துவிட்டோம் என்றேன். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்று செல்போனில் வீடியோ எடுக்கத் தொடங்கிவிட்டார்.

நமக்கு ஆஃபர் என்றால் தள்ளுபடி, ட்ரீட் என்றால் பிரியாணி. ஒப்பந்தச் சட்டத்தில் அர்த்தமே வேறு. ஸ்டிக்கர் விலை வெறும் 'இன்விடேஷன் டு ட்ரீட்', வாங்க பேசலாம் என்கிற அழைப்பு. பொருளைக் கல்லாவுக்குக் கொண்டுவந்து 'இந்த விலைக்குக் கொடுங்க' என்று ஆஃபர் வைப்பது வாங்க வந்தவர். கடைக்காரர் சரி என்றால்தான் ஒப்பந்தம். ஸ்டிக்கரே ஆஃபர் என்று வைத்துக்கொண்டால், கடையில் இருப்பது ஒரே குக்கர், பத்துப் பேர் சரி என்கிறார்கள். மீதி ஒன்பது பேருக்கு நான் நஷ்டஈடு கட்டவேண்டும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் கடைக்காரர் ஒருவர் பட்டன் கத்தியை விலைச்சீட்டோடு கண்ணாடி ஜன்னலில் வைத்திருந்தார். அந்தக் கத்தியை விற்பனைக்கு ஆஃபர் செய்வது 1959 சட்டப்படி குற்றம். 1960-ல் ஃபிஷர் எதிர் பெல் வழக்கில், ஜன்னலில் வைத்தது ஆஃபரே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆள் தப்பித்தார். மறுவருஷமே, விற்பதற்காகக் காட்சிக்கு வைப்பதும் குற்றம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள்.

அதற்காகக் கடைக்காரன் இஷ்டத்துக்கு ஆடலாம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். எம்ஆர்பிக்கு மேல் வாங்கினால் குற்றம். அந்த விலைக்கு விற்கும் எண்ணமே இல்லாமல் விளம்பரம் போட்டு ஆளை இழுத்தால், 2019 நுகர்வோர் சட்டத்தில் அது முறையற்ற வணிகம். உங்கள் அயர்ன்பாக்ஸில் எண்தான் இடம் மாறியிருக்கிறது, தவறு போலத்தான் தெரிகிறது. எல்லாப் பெட்டியிலும் அதே 480, வாசல் பேனரிலும் 480 என்றால் போட்டோ எடுத்து வையுங்கள்.

480-க்கு பில் போட்டுப் பணமும் வாங்கியிருந்தால் கதை வேறு. அன்று காலையிலேயே ஓர் அம்மாவுக்கு எங்கள் பில் போடும் பெண் 198-க்கே ஒரு குக்கரைக் கொடுத்திருக்கிறாள். ராத்திரி ஸ்டாக் பார்க்கும்போதுதான் தெரிந்தது. ஒரு தரப்பு மட்டும் தவறாக நினைத்தது என்பதற்காக ஒப்பந்தத்தை ரத்து செய்யமுடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. 1782 ரூபாய் போனது போனதுதான்.

அந்த வீடியோக்காரரின் பைக் அவ்வளவு நேரமும் என் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. 'வண்டி நிறுத்தாதீர்' என்று நான் வைத்திருக்கும் போர்டை மட்டும் ஒருத்தரும் படிப்பதில்லை.