ஐஸ் ஃபக்டரிக் கணக்கில எந்த எண் காலை வாரும்?

"அண்ணை, பருத்தித்துறையில ஐஸ் ஃபக்டரி போடப்போறன். என்.பி.வி பிளஸ்ஸிலதான் வருது, ஆனா எது மாறினா அடிவிழும் எண்டு பாங்கில கேக்கினம். எல்லாத்தையும் 10% கூட்டிக் குறைச்சுப் பாத்தன், விலைதான் முக்கியம் எண்டு வருது. சரியோ?"

பாதி சரி. விற்பனைக் காசுதான் கணக்கில பெரிய தொகை, அதால எல்லாத்துக்கும் ஒரே 10% போட்டா விலை முன்னுக்கு வரத்தான் செய்யும், அதில புதுசா ஒண்டும் தெரியவராது. உங்கட எண்களை ரவுண்ட் பண்ணி எடுக்கிறன்: முதல் 120 லட்சம், வருசம் 20,000 கட்டி, ஒரு கட்டி 600 ரூபா, அதுக்குச் செலவு 300 (அதில 240 கறண்டுக்கு), சம்பளம் வாடகை எல்லாம் வருசம் 20 லட்சம். அப்ப வருசம் 40 லட்சம் மிஞ்சும், 5 வருசத்துக்கு, 15% வீதத்தில:

```
=PV(15%,5,-40)-120
```

14.09 லட்சம் வரும், இதுதான் என்.பி.வி: வரப்போற காசை இண்டைய பெறுமதிக்குக் கொண்டுவந்து, போட்ட முதலைக் கழிச்சா மிஞ்சிறது. இப்ப ஒவ்வொண்டும் எவ்வளவு தாங்கும் எண்டு பாருங்கோ, இந்த 14.09ஐ அந்தந்த தொகையின்ர 5 வருச நிகழ்காலப் பெறுமதியால பிரிச்சாச் சரி. விற்பனைக்கு 402 லட்சம், அப்ப விலை 3.5% இறங்கினா, அதாவது 21 ரூபா குறைஞ்சா, என்.பி.வி சைபர். கறண்டுக்கு 161 லட்சம், 8.8% கூடினாச் சைபர். சம்பளம் வாடகை 21% கூடும் வரைக்கும் தாங்கும், அதை விடுங்கோ.

ஆனா தாங்குற அளவை மட்டும் பாத்துக் காணாது, அது உண்மையில எவ்வளவு ஆடும் எண்டதையும் பக்கத்தில வைக்கோணும். விலை நீங்கள் சொல்லுறது, பக்கத்தில வேற ஆரும் ஃபக்டரி துறந்தாத்தான் இறக்கவேண்டி வரும். கறண்ட் அப்பிடியே? 2023 பெப்ரவரியில 66% ஏத்தினவை, 2025 ஜனவரியில 20% குறைச்சவை, ஜூனில திரும்ப 15% ஏத்தினவை. அந்த 15% ஒருக்கா வந்தாலே உங்கட என்.பி.வி மைனஸ் 10 லட்சம்.

"அப்ப விலையை ஏத்துவன்" எண்டுவியள். இங்கதான் சினாரியோ வேணும், ஏனெண்டா மேல செய்த சென்சிடிவிட்டியில ஒண்டை அசைக்கேக்க மற்றதெல்லாம் அசையாமல் நிக்கும், நிஜத்தில எல்லாம் சேந்துதான் அசையும். கறண்ட் 15% ஏற, நீங்கள் கட்டியை 630 ஆக்கினா, விற்பனை குறையாட்டி பிளஸ் 10 லட்சம், பரவாயில்லை. ஆனா விலை கூடினதால 8% குறைஞ்சு 18,400 கட்டிதான் போகுதெண்டா மைனஸ் 5.7 லட்சம். அந்த நிலமையில 5%, அதாவது ஏறத்தாழ 1,000 கட்டி, குறைஞ்சாலே சைபருக்கு வந்திடும்.

ஆகவே பாங்குக்குக் காட்டவேண்டியது கறண்ட் ஏறி விலையையும் ஏத்தினாப் பிறகு எத்தினை கட்டி போகும் எண்ட எண்ணைத்தான். சீட்டில ஊகமா ஒண்டைப் போடாதேங்கோ, 630க்கு வாங்குவினமோ, இல்லாட்டி வேற இடத்தில எடுப்பினமோ எண்டு படகுக்காரரிட்டயும் மீன் ஏத்திற லொறிக்காரரிட்டயும் கேளுங்கோ, வாடைக்காத்துக்குள்ள கடலுக்குப் போகாத நாளுகளையும் கழிச்சுப் போடுங்கோ.