ஸ்கேனில் ஹெர்னியா, வலி வேறிடத்தில்

"ஃபுட்பால் ஆடுகிறேன், போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடவும் செய்கிறேன். கவட்டையில் வலி. ஸ்கேனில் சின்ன ஹெர்னியா என்கிறார்கள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?"

நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் பந்தாடி வளர்ந்தவன். இதே வலியோடு, இதே மாதிரி ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் என்னைத் தொட்டுப் பார்த்தவர்கள் செய்து காட்டியது. "நெட்டைப் பார்த்து வைத்தியமா" என்று சண்டைக்கு வருபவர்கள் முழுதாகப் படித்துவிட்டு வரவும்.

எனக்கு இடது பக்கம். ஓடும்போது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. உள்பாதத்தால் பாஸ் கொடுக்கும்போதும், சட்டென்று திரும்பும்போதும் தொடை இடுக்கில் சுரீர் என்று பிடிக்கும். மறுநாள் காலை பைக்கில் காலைத் தூக்கிப் போடும்போது உயிர் போகும். தைலம் போட்டுத் தடவினார்கள், அன்றைக்குச் சுகமாக இருந்தது. மறு ஆட்டத்தில் பழைய கதைதான். கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். "இடது பக்கம் சிறிய குடலிறக்கம்" என்று வந்தது. அங்கே யாரும் என் காலை அசைத்துக்கூடப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். வீட்டில் நல்ல நாள் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் டீமில் மூத்த அண்ணாச்சி ஒருவர்தான், "ஏலே, கத்தி வைக்கிறதுக்கு முந்தி ஆட்டக்காரங்களைப் பார்க்கிற பிசியோ ஒருத்தர்கிட்ட காட்டிட்டு வா" என்றார்.

அந்த பிசியோ முதலில் கேட்டது, "வலியை ஒரே விரலால காட்டுங்க, உள்ளங்கையை வைக்காதீங்க." நான் காட்டியது தொடையின் உட்பக்கம், மேலே, அந்தரங்க எலும்போடு சேரும் இடம். காலைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் அங்கே கயிறு மாதிரி ஒரு தசைநார் விறைத்து நிற்கும், நீங்களே தொட்டுப் பார்க்கலாம். கால்களைச் சேர்த்து இழுக்கும் தசையின் நார் அது. அவர் அதைப் பிடித்துக்கொண்டே மேலே போய், எலும்பில் ஒட்டும் இடத்தில் அழுத்தினார். கட்டிலிலிருந்து எழும்பிவிட்டேன். உடனே கேட்டார்: "இது ஆடும்போது வர்ற அதே வலியா, இல்ல நான் அமுக்குறதால வர்ற வேற வலியா?" அதே வலிதான். அடுத்து வந்த ஒவ்வொரு சோதனையிலும் இதே கேள்விதான்.

முட்டியை மடக்கிப் படுக்க வைத்து, நடுவில் தன் முஷ்டியை வைத்து நெருக்கச் சொன்னார். பிறகு கால்களை நீட்டிவைத்து, கணுக்கால்களுக்கு நடுவில் அவர் கையை வைத்து நெருக்கச் சொன்னார். இரண்டிலும் அதே இடம், அதே வலி.

அப்புறம் ஹெர்னியா பக்கம் வந்தார். நிற்க வைத்து, தொடை மடிப்புக்கு மேலே விரல் வைத்து இருமச் சொன்னார். விரலில் லேசாக ஒரு தட்டு தெரிகிறது என்றார். ஆனால் எனக்கு வலி இல்லை. படுத்தபடி வயிற்றைச் சுருக்கி எழுந்தபோதும் வலி இல்லை. கடைசியாக இடுப்பு மூட்டு. முட்டியை நெஞ்சுப் பக்கம் மடக்கி, மறுபுறம் சாய்த்து, பாதம் வெளியே போகிற மாதிரி தொடையை உள்ளே திருப்பினார். வலி இல்லை, இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்பியது. இந்தத் திருப்பலில் வலி வராவிட்டால் மூட்டின் மேல் சந்தேகம் வெகுவாகக் குறையும். வலி வந்தாலோ அதை மட்டும் வைத்து மூட்டுதான் என்று சொல்லிவிட முடியாது, வேறு காரணத்துக்கும் வரும்.

ஆக, ஹெர்னியா இருந்தது, ஆனால் வலிக்குச் சொந்தக்காரன் அது இல்லை. வலி இல்லாதவர்களை ஸ்கேனில் பார்த்தாலும் இப்படிச் சின்னதாக ஏதாவது தெரியலாமாம். எக்ஸ்ரேயும் அப்படித்தான். தொடை எலும்புத் தலையோரம் மேடு தட்டியிருப்பது ஒரு வலியும் இல்லாத ஃபுட்பால் ஆட்டக்காரர்களிடமும் சகஜம். 2014-ல் தோஹாவில் கூடிய நிபுணர்கள் கவட்டை வலியை வகை பிரித்ததும் எங்கே தொட்டால், எதை எதிர்த்துத் தள்ளினால் வலி வருகிறது என்பதை வைத்துத்தான்.

உண்மையான ஹெர்னியா வலி வேறு. நின்றால், இருமினால், பாரம் தூக்கினால் மடிப்புக்கு மேலே புடைக்கும், படுத்தால் உள்ளே போகும். அது பயிற்சியால் மூடாது, ஆபரேஷன்தான். புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுவில் இன்னொரு ரகமும் உண்டு. புடைப்பே இருக்காது, ஆனால் இருமினாலும் வயிற்றை இறுக்கி எழுந்தாலும் மடிப்புக்கு மேலே வலிக்கும். அதற்குப் பெரும்பாலும் முதலில் பயிற்சி கொடுத்துப் பார்ப்பார்கள், கேட்காவிட்டால்தான் கத்தி.

நீங்கள் ஓடவும் செய்வதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் தெருப் பையன் ஒருவன் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று தார் ரோட்டில் ஓட்டத்தைத் திடீரென்று கூட்டினான். அவனுக்கு வலி உள்ளே ஆழத்தில், விரலால் காட்டத் தெரியவில்லை. தொடையை அமுக்கினால் ஒன்றுமில்லை. ஓட ஓடக் கூடும், பிறகு நடந்தாலே வலித்தது, ராத்திரியும் வலித்தது. எக்ஸ்ரே சுத்தம். எம்ஆர்ஐயில்தான் தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் தெரிந்தது. இதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து ஓடினால் எலும்பு முழுதாக உடைந்துவிடலாம். உங்களுக்கு இந்தச் சாயல் இருந்தால் இன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். ஒற்றைக் காலில் குதித்துச் சோதிக்கிறேன் என்று வீட்டில் விஷப்பரீட்சை வேண்டாம்.

இங்கே ஒரு புலம்பல். பிள்ளைகள் ஏன் தார் ரோட்டில் ஓடுகிறார்கள்? மைதானத்தைப் பொருட்காட்சிக்கு விட்டுவிடுகிறார்கள். முடிந்த பிறகு ஜல்லியையும் ஆணியையும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். பந்தை விட்டுவிட்டு ஆணி பொறுக்கிய சாயங்காலங்கள் எங்களுக்கு உண்டு. கேட்டால் வாடகை வருகிறதாம்.

சரி, எனக்கு என்ன செய்தார்கள்? தடவலை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தத் தசைக்கு வேலை கொடுத்தார்கள். முதலில் முட்டிகளுக்கு நடுவில் பந்தை வைத்து நெருக்கிப் பிடிப்பது. பிறகு ஒருக்களித்துப் படுத்து, கீழ்க்காலைத் தூக்குவது. அது சுலபமான பிறகு, மேல்காலை பெஞ்சில் வைத்து அந்தக் காலின் பலத்தில் உடம்பையே தூக்குவது. இதற்குக் கோபன்ஹேகன் என்று பேர். 1999-ல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், நாள்பட்ட இந்த வலி உள்ள ஆட்டக்காரர்களில் ஒரு பாதிக்கு மசாஜ், கரன்ட் வைப்பது, நீட்டி இழுப்பது என்று கொடுத்தார்கள், மறு பாதிக்கு 8 முதல் 12 வாரம் பலப் பயிற்சி கொடுத்தார்கள். வலியில்லாமல் ஆட்டத்துக்குத் திரும்பியதில் பயிற்சி செய்தவர்கள்தான் மிக அதிகம். அந்தப் பயிற்சியில் கவட்டைத் தசையை நீட்டி இழுப்பதே கிடையாது.

திரும்பி வரும் வரிசையும் முக்கியம். நேராக ஓடுவது முதலில், வெட்டித் திரும்புவது பிறகு, பந்தை ஓங்கி உதைப்பது கடைசியில். லேசான வலி இருக்கலாம், ஆனால் மறுநாள் காலை அது கூடியிருந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். ஹெர்னியாவை இன்னொரு சர்ஜனிடம் காட்டினேன். புடைப்போ தொந்தரவோ இல்லாதவரை பார்த்துக்கொண்டிருக்கலாம், புடைத்தால் வா என்றார். உங்களுக்கும் அதே பதில்தான் என்று நான் சொல்லவில்லை. ஆபரேஷன் என்று சொன்னவரிடமே போய், "நான் இருமினால் இந்த வலி வருகிறதா, நெருக்கினால் வருகிறதா, ஒருமுறை தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அதற்கும் தாளையே காட்டினால் வேறு ஆளைப் பாருங்கள்.