படத்தில் டை கட்டும்போது காலரை முதலில் கவனியுங்கள்

கேள்வி: அப்பாவின் மணிவிழா அழைப்பிதழுக்காகத் தெம்பனிஸ் வீட்டுத் தாழ்வாரத்தில் அவரைப் படம் எடுத்தேன். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் போட்டிருக்கிறார். இணையத்தில் கிடைத்த டையை Photoshop-இல் சேர்த்தால் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது? போ டை என்றால் எளிதா?

பதில்: குறை பெரும்பாலும் டையில் இருக்காது, அடுக்குகளின் வரிசையில்தான் இருக்கும். உண்மையில் டையின் பட்டை காலர் மடிப்புக்குள் கழுத்தைச் சுற்றிச் செல்கிறது. முடிச்சின் மேலோரங்கள் காலரின் இரு இதழ்களுக்கும் அடியில் நுழைந்து மறைகின்றன. ஆகவே Pen Tool கொண்டு இரண்டு இதழ்களின் ஓரத்தையும் வரைந்து, தேர்வாக மாற்றி, Ctrl+J அழுத்தித் தனி அடுக்காக எடுத்து, அதை டை அடுக்கிற்கு மேலே வையுங்கள். இதழ்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை முடிச்சு நிரப்ப வேண்டும். மேல் பொத்தானும் அதற்குப் பின்னால் முற்றிலும் மறைய வேண்டும். பொத்தானின் ஒரு கீற்று மேலே எட்டிப் பார்த்தால்கூட டை தொங்கிவிட்டதுபோல் தோன்றும்.

அளவைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், சட்டைப் பொத்தானே அளவுகோலாக உதவும். சாதாரணச் சட்டைப் பொத்தானின் குறுக்களவு ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். உங்கள் படத்தில் அது 22 பிக்சல் என்றால், ஒரு சென்டிமீட்டருக்கு 20 பிக்சல். முடிச்சின் மேற்பகுதி 4 சென்டிமீட்டர் என்று கொண்டால் 80 பிக்சல் போதும். டையின் மிக அகன்ற பகுதியான 8 சென்டிமீட்டர் நுனிக்கு அருகில்தான் வரும் என்பதால், மார்பளவுப் படத்தில் அந்த அகலத்தைக் காட்டக் கூடாது. Warp கொண்டு முடிச்சை வளைக்கும்போது அதன் சிறு கோணலை நிமிர்த்திவிடாதீர்கள். எளிய முடிச்சு கையால் கட்டும்போது ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தே அமையும்.

அடுத்தது நிழல். தாழ்வாரத்தில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருவதால், மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறதோ அந்தப் பக்கமே டையின் நிழலும் விழ வேண்டும். இணையப் படத்தின் ஒளி எதிர்த்திசையில் இருந்தால், அதை விட்டுவிட்டு உங்களிடமுள்ள டையை அதே தாழ்வாரத்தில் யாருக்காவது கட்டிப் படம் எடுப்பதே மேல். டை அடுக்கிற்கு மேல், காலருக்குக் கீழ், Multiply முறையில் புதிய அடுக்கைச் சேர்த்து, Ctrl+Alt+G அழுத்தி டையோடு பிணைத்து, மென்மையான தூரிகையால் 15 விழுக்காட்டு அடர்த்தியில் இதழ் ஓரத்தை ஒட்டி மட்டும் தீட்டுங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம்; சட்டை மடிப்பிலுள்ள சாம்பல் நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

போ டையில் வெட்டும் வேலை குறைவு, ஏனெனில் வரிசை தலைகீழ்: பட்டை மட்டுமே காலருக்குள் செல்லும், இறக்கைகள் இதழ்களின்மேல் படியும். அதனால் நிழல் காலரின்மீது விழும். இறக்கைகளின் மொத்த அகலம் முகத்தின் அகலத்தைத் தாண்டக் கூடாது.

கடைசியாக 100 விழுக்காட்டு அளவில் பாருங்கள். டையின் ஓரம் சட்டையின் ஓரத்தைவிடக் கூர்மையாகத் தெரிந்தால், Gaussian Blur-இல் 0.5 பிக்சல் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.