ஒரே வினாத்தாள், மூன்று அடுக்கு மாணவர்கள்: கணக்கு டீச்சரிடம் கேளுங்கள்

அம்மாபேட்டை, பட்டதாரி ஆசிரியை: டீச்சர், பத்தாம் வகுப்பு அரையாண்டுக்கு எளிது, நடுத்தரம், கடினம் எத்தனை எத்தனை சதவீதம் வைக்கலாம்?

30, 50, 20 என்று பலரும் வைக்கிறார்கள். நீங்களும் வையுங்கள், தப்பில்லை. ஆனால் எந்தக் கேள்வி கடினம் என்பதை நம் மேசையில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்ய முடியாதும்மா. புக் பேக் கணக்கு ஒன்று பார்க்கப் பயங்கரமாக இருக்கும். வகுப்பில் நாலு தடவை போட்டுக் காட்டியிருந்தால் கடைசி பெஞ்சுப் பிள்ளையும் மனப்பாடமாக எழுதிவிடும். அதே கணக்கில் கேட்கும் இடத்தை மாற்றினால் முதல் மாணவியும் யோசிப்பாள். 7 இருந்த இடத்தில் 7.35 போட்டால் கணக்கு கடினமாகிவிடாது. தசமப் பெருக்கல்தான் கடினமாகும், அதை நீங்கள் சோதிக்க வரவில்லை. பிள்ளை தானாக முடிவெடுக்க வேண்டிய இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் கடினத்தின் அளவு.

வாழப்பாடி, ஆசிரியர்: பேட்டர்ன்தான் முன்னாடியே முடிவாகிவிட்டதே டீச்சர். 14 ஒரு மதிப்பெண், 10 இரண்டு மதிப்பெண், 10 ஐந்து மதிப்பெண், 2 எட்டு மதிப்பெண். இதற்குள் எங்கே கூட்டிக் குறைப்பது?

ஐந்து மதிப்பெண்ணில். மொத்தம் 100க்கு 50 அங்கேதான் இருக்கிறது. வழக்கமாக நாம் கேட்கும் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒரே மூச்சில் முடிவது. வழி தெரிந்தவன் 5 வாங்குவான், தெரியாதவன் 0 அல்லது இரக்கப்பட்டுப் போடும் 1 வாங்குவான். அதனால் வகுப்பு இரண்டாகப் பிரியுமே தவிர மூன்றாகப் பிரியாது. நடுவில் இருக்கும் பிள்ளை ஒரு நாள் மேலே ஒட்டிக்கொள்ளும், ஒரு நாள் கீழே விழும்.

நம்ம ஊர்க் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து ஏற்காடு 30 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து இறங்கும் வேகத்தைவிட ஏறும் வேகம் மணிக்கு 10 கி.மீ. குறைவு. ஏறுவதற்கு அரை மணி நேரம் கூடுதலாக ஆகிறது. இறங்கும் வேகம் என்ன? இருபடிச் சமன்பாடு. அப்படியே கேட்டால் மெல்லக் கற்கும் பிள்ளை தாளைத் திருப்பிவிடும். இப்படிப் பிரியுங்கள்:

(அ) இறங்கும் வேகம் x எனில் ஏறும் வேகம் என்ன? இரண்டுக்கும் ஆகும் நேரத்தை x மூலம் எழுதுக. 2 மதிப்பெண்.
(ஆ) சமன்பாடு அமைத்து x காண்க. 2 மதிப்பெண்.
(இ) வேக வித்தியாசம் அதே 10. நேர வித்தியாசம் மட்டும் 15 நிமிடமாகக் குறைந்தால், பேருந்து முன்னைவிட வேகமாக இறங்கியதா, மெதுவாகவா? காரணம் கூறுக. 1 மதிப்பெண்.

(ஆ)வில் x² − 10x − 600 = 0 வரும், x = 30. (−20ஐ ஏன் விட்டோம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.) (இ)க்கு சமன்பாடு போட்டுப் பார்த்தால் 40 வரும், அதாவது வேகமாகத்தான். ஆனால் நல்ல மாணவி கணக்குப் போடாமலே சொல்வாள்: ஓட்டம் வேகமாக ஆக ஆக, அதே 10 கி.மீ. வித்தியாசம் நேரத்தில் காட்டும் மாற்றம் சுருங்கும் என்று. அந்த ஒரு மதிப்பெண் அவளுக்கு உரியது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, (அ)வை எளிதாக்குகிறேன் என்று "இறங்கும் வேகம் 60 எனில் நேரம் என்ன, ஏறும்போது என்ன" என்று எண்ணாகக் கொடுத்துவிடாதீர்கள். 30 நிமிடம், 36 நிமிடம், வித்தியாசம் 6 என்று பிள்ளை கண்ணாலேயே பார்த்துவிடும். (இ)யின் விடை அங்கேயே கசிந்துபோகும். இன்னொன்று, (அ)வில் ஏறும் வேகத்தை x + 10 என்று எழுதிய பிள்ளைக்கு (ஆ)வில் x² + 10x − 600 = 0 வந்து x = 20 கிடைக்கும். சுத்தமான விடை மாதிரியே இருக்கும். அந்தப் பிள்ளைக்கு (அ)வில்தான் குறைக்க வேண்டும், (ஆ)வில் முறைக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஒரே தவறுக்கு இரண்டு முறை தண்டனை கூடாது. இதை விடைக்குறிப்பில் முன்கூட்டியே எழுதிவையுங்கள். திருத்தும்போது யோசித்தால் முதல் கட்டுக்கு ஒரு நியாயம், கடைசிக் கட்டுக்கு ஒரு நியாயம் ஆகிவிடும்.

மேட்டூர், ஆசிரியை: தேர்வு முடிந்த பிறகு, கேள்வி சரியாகப் பிரித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பயிற்சியில் மேல் 27 சதவீதம், கீழ் 27 சதவீதம் என்றார்கள், புரியவில்லை.

1939இல் கெல்லி என்பவர் சொன்ன முறை அது. விடைத்தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். 40 பிள்ளைகள் என்றால் மேலே 11, கீழே 11. ஒரு கேள்வியை மேலே எத்தனை பேர் சரியாக எழுதினார்கள், கீழே எத்தனை பேர் என்று எண்ணி, வித்தியாசத்தை 11ஆல் வகுத்தால் அந்தக் கேள்வியின் பிரிக்கும் திறன். 0.3க்கு மேல் வந்தால் நல்லது என்பார்கள்.

நான் இதோடு நிறுத்த மாட்டேன். நடுவில் இருக்கும் 18 பேரை இந்த முறை பார்ப்பதே இல்லை, உங்களுக்கோ மூன்று அடுக்கும் தெரிய வேண்டும். மேலே சொன்ன பேருந்துக் கணக்கில் இப்படி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். (அ) மேலே 11 பேரும் சரி, நடுவில் 17, கீழே 7. (ஆ) மேலே 10, நடுவில் 11, கீழே 2. (இ) மேலே 7, நடுவில் 2, கீழே யாருமில்லை.

(இ) நடுவிலிருந்து மேலே இருப்பவர்களைப் பிரித்துவிட்டது. (ஆ) மூன்று அடுக்கிலும் படிப்படியாக இறங்குகிறது. (அ)வில் மேலுக்கும் நடுவுக்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. சூத்திரத்தில் அது 0.36தான் காட்டும், (ஆ)வுக்கு 0.73. அதற்காக (அ)வைத் தூக்கிவிடாதீர்கள். கீழே இருக்கும் 11 பேரில் யாருக்கு அடிப்படை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று காட்டுவது அது ஒன்றுதான். அந்த நாலு பேரின் பெயரை எழுதிவைத்து ஜனவரியில் அவர்களோடு உட்காருங்கள்.

கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைவிட அதிகமாகச் சரியாக எழுதிய கேள்வி வந்தால் பிள்ளைகளைச் சந்தேகிக்காதீர்கள், கேள்வியைச் சந்தேகியுங்கள். "ஒரு நாணயத்தை இருமுறை சுண்டும்போது தலை விழ நிகழ்தகவு" என்று ஒரு மதிப்பெண் கேள்வி. விடைக்குறிப்பில் 1/2. பழக்கத்தில் கை போகும் பிள்ளை 1/2 போடும். யோசிக்கும் பிள்ளை "குறைந்தது ஒரு தலை" என்று எடுத்து 3/4 போடும். தப்பு கேள்வியில்தான். "சரியாக ஒரு தலை" என்று இரண்டு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

ஆத்தூர், ஆசிரியர்: சராசரி 50க்குப் பக்கத்தில் வந்தால் வினாத்தாள் சரியான அளவில் இருக்கிறது என்று அர்த்தம். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

பாதி சரி சார். 85 வந்தால் எளிது, 20 வந்தால் கடினம் என்று சராசரி சொல்லும். ஆனால் 20 பேர் 90, 20 பேர் 10 வாங்கினாலும் சராசரி 50தான். 35 தேர்ச்சி என்றால் 30க்கும் 40க்கும் நடுவில் எத்தனை பேர் குவிந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அங்கே கூட்டம் இருந்தால் ஒரு இரண்டு மதிப்பெண் கணக்கு பலருடைய தேர்ச்சியைத் தீர்மானிக்கிறது. அந்தத் தாள்களை இன்னொரு முறை திருத்திப் பார்ப்பது நல்லது.

எடப்பாடி, ஆசிரியை: எளிய கேள்வி எத்தனை சதவீதம் இருக்கணும் டீச்சர்?

அம்மாபேட்டை டீச்சருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓமலூர், முதுகலை ஆசிரியர்: "அல்லது" கேள்விகளைக் கூட்டினாலே போதும். மெல்லக் கற்போர் தெரிந்ததை எடுத்து எழுதுவார்கள், யாருக்கும் அநியாயம் இல்லை.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளைக்கு அது உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் "அல்லது"க்கு இரண்டு பக்கமும் ஒரே கனம் இருக்கிறதா? எட்டு மதிப்பெண்ணில் ஒரு பக்கம் வடிவொத்த முக்கோணம் வரைவது, மறுபக்கம் வட்டத்துக்கு வெளிப்புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவது என்று கொடுத்தால், இரண்டு பிள்ளைகள் இரண்டு வெவ்வேறு தேர்வை எழுதுகிறார்கள். ஒரே 8ஐ வைத்து அவர்களை எப்படி ஒப்பிடுவது?

ஓமலூர்: பொதுத்தேர்விலேயே 14இல் 10 எழுதச் சொல்கிறார்கள். தேர்ந்தெடுக்கும் பழக்கம் வேண்டாமா?

வேண்டும். அரையாண்டில் அந்த அமைப்பை மாற்றச் சொல்லவில்லை. நீங்கள் கூட்டச் சொல்கிறீர்கள், அதைத்தான் மறுக்கிறேன். தேர்ந்தெடுப்பதும் ஒரு திறமை. அது பெரும்பாலும் நன்றாகப் படிக்கும் பிள்ளையிடம்தான் இருக்கும். மெல்லக் கற்கும் பிள்ளை 14ஐயும் தொட்டு, ஒன்றையும் முடிக்காமல் வரும்.

சங்ககிரி, ஆசிரியை: குறுக்கே வருகிறேன் டீச்சர். என் வகுப்பில் நேர்மாறு. நல்லா படிக்கிற பையன்தான் சவாலுக்காகக் கடினமானதை எடுத்து நேரத்தை விட்டுவிடுகிறான்.

அதுவும் நடக்கிறதும்மா. அப்போது நம் வினாத்தாள் அவனுடைய கணக்கறிவை அளக்கவில்லை, துணிச்சலை அளக்கிறது. ஓமலூர் சார் சொல்வதும் நான் சொல்வதும் வகுப்புக்கு வகுப்பு மாறலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். "அல்லது" வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே பாடத்திலிருந்து, ஒரே எண்ணிக்கைப் படிகள் உள்ள இரண்டை வையுங்கள். அந்தந்தப் பக்கத்தை எடுத்தவர்களின் சராசரியை ஒருமுறை தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், அதிலும் எந்த அடுக்குப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போனார்கள் என்று சேர்த்து.

ஏற்காடு, பெற்றோர்: என் பொண்ணு காலாண்டில் கணக்கில் 48. அரையாண்டில் 80 எடுக்க எந்தப் பாடம் படிக்கணும் டீச்சர்?

இங்கே நாங்கள் வினாத்தாள் எடுப்பது பற்றிப் பேசுகிறோம் ஐயா. காலாண்டு விடைத்தாளை எடுத்துக்கொண்டு பாப்பாவின் கணக்கு ஆசிரியரைப் பாருங்கள். எந்த வகைக் கேள்வியில் மதிப்பெண் போனது என்று அவரால்தான் சொல்ல முடியும்.

ஏற்காடு, ஆசிரியை: எங்கள் மலைப் பள்ளியில் பத்தாவதில் 12 பேர்தான். 27 சதவீதம் எடுத்தால் மூன்று பேர். இதை வைத்து என்ன சொல்வது?

ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு பிள்ளைக்கு அன்றைக்குத் தலைவலி என்றால் எண்ணே தலைகீழாகும். சூத்திரத்தை விடுங்கள். 12 தாளையும் ஒரே கேள்வியாகப் புரட்டிப் படியுங்கள். எந்தப் படியில் நின்றார்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். அதே கேள்வியை அடுத்த ஆண்டும் கேட்டால் எண்ணிக்கை சேரும்.

உங்களுக்கு இன்னொன்று. படகும் நீரோட்டமும் வரும் கணக்கைக் கேட்கும் முன் யோசியுங்கள். உங்கள் பிள்ளைகள் ஏரியில் படகு பார்த்திருப்பார்கள், அங்கே ஓட்டம் இல்லை. "நீரோட்டத்தின் எதிர்த்திசை" என்ற சொல்லிலேயே சிலர் நின்றுவிடுவார்கள். மேலே உள்ள பேருந்துக் கணக்கும் அதே வகைச் சமன்பாடுதான். வாக்கியம் புரியாமல் 0 வாங்கும் பிள்ளையைக் கணக்கு தெரியாத பிள்ளை என்று எழுதிவிடுகிறோம். வாக்கியக் கணக்கு எழுதும் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒன்பதாவது படிக்கும் பிள்ளையிடம் அந்த வகைக் கணக்கு ஒன்றைக் காட்டி, என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

ஆத்தூர், ஆங்கில ஆசிரியை: ஆங்கிலத்தில் கட்டுரைக் கேள்விக்கு இதை எப்படிச் செய்வது?

என் துறை இல்லைம்மா. விடைக்குறிப்பைப் படிகளாக எழுதுவது மட்டும் பொதுவானது. மற்றதை ஆங்கிலம் திருத்திப் பழகியவரிடம் கேளுங்கள்.

தாரமங்கலம், ஆசிரியர்: கடினம் 20 சதவீதமா, 15 சதவீதமா?

20.

வாழப்பாடி: (இ) மாதிரிக் கேள்விகளை எத்தனை ஐந்து மதிப்பெண்ணில் வைக்கலாம் டீச்சர்? நேரம் போதாது என்று பயமாக இருக்கிறது.

நாலில் வையுங்கள், அதுவும் ஒவ்வொன்றும் ஒரு மதிப்பெண்ணுக்கு. பிறகு நீங்களே உட்கார்ந்து, படிகளோடு, பிள்ளை எழுதுவது போல முழுத் தாளையும் எழுதுங்கள். உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் போதாது. நேரம் போதாத தாளில் கடைசிப் பக்கத்துக் கேள்விகள் எல்லாமே "கடினம்" என்று கணக்கில் வரும், உண்மையில் அவற்றை யாரும் படித்தே இருக்க மாட்டார்கள். (இ)யை விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம் என்பதையும் தேர்வுக்கு முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.